இரண்டு நாள் லீவு, கணக்கில் ஆறு நாள்: சாண்ட்விச் ரூல் எதுவரை செல்லும்?

"சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு ஊருக்குப் போக ஜனவரி 14 புதனும் 19 திங்களும் லீவு போட்டேன். நடுவில் வியாழனும் வெள்ளியும் பொங்கல் விடுமுறை, சனி ஞாயிறு எங்களுக்கு வார விடுமுறை. ஆனால் ஆறு நாள் கழித்துவிட்டார்கள். கையில் நாலு நாள்தான் பாக்கி இருந்தது, அதனால் இரண்டு நாள் சம்பளமும் போய்விட்டது. கேட்டால் சாண்ட்விச் ரூல் என்கிறார் எச்.ஆர். சட்டப்படி இப்படிச் செய்யலாமா?"

சம்பளத்தில் பிடித்த இரண்டு நாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. அந்தப் பிடித்தம் செல்லாது என்பது என் கருத்து. லீவுக் கணக்கில் ஆறு நாள் கழித்தது சரியா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கழித்தது எந்த வகை லீவு, உங்கள் வேலை எப்படிப்பட்டது, கம்பெனி சட்டம் சொல்வதைவிட எத்தனை நாள் கூடுதலாகத் தருகிறது, இந்த மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் பல வருடங்களாகக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கும் தொழிலாளர் சட்டப் பதிவேடுகளும் பார்த்து வருகிறவன், வழக்கறிஞர் அல்ல. நான் கீழே சொல்வது அந்த அனுபவத்திலிருந்தும் சட்டப் பிரிவுகளை வாசித்ததிலிருந்தும் வருவது.

லீவு நாட்களுக்கு நடுவில் வரும் விடுமுறைகளையும் லீவாகவே கழிக்கும் இந்த ரூல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். அரசு ஊழியர்களின் ஈட்டிய விடுப்பில் இது காலங்காலமாக இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. ஜனவரியில் 15, ஜூலையில் 15 என்று கணக்கில் ஏறும். அவர் அந்த விடுப்பில் போனால் நடுவில் வரும் ஞாயிறும் பண்டிகையும் விடுப்பாகவே கழியும். விடுப்புக்கு முன்னும் பின்னும் ஒட்டி வரும் விடுமுறைகளை அனுமதி வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், அவை கழியாது. இதில் அநியாயம் எதுவும் இல்லை. 30 நாள் என்பதே காலண்டர் நாட்கள், அதாவது ஒரு முழு மாதம். வேலை நாளாகப் பார்த்தால் அதற்குள் 22 நாள் அளவுதான் இருக்கும். ஞாயிறும் கழியும் என்பதை வைத்துத்தான் அந்த எண்ணிக்கையே கொடுக்கப்பட்டிருக்கிறது.

அதே ஊழியரின் தற்செயல் விடுப்பைப் பாருங்கள். ஆண்டுக்கு 12 நாள். அது எடுக்கும்போது நடுவில் வரும் விடுமுறைகள் கழியாது. ஆனால் விடுமுறைகளையும் சேர்த்து ஒரே மூச்சில் 10 நாளுக்கு மேல் வராமல் இருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. ஆகவே உங்களைப் போலவே ஓர் அரசு ஊழியர் ஜனவரி 14, 19 இரண்டு நாளும் தற்செயல் விடுப்பு எடுத்து, நடுவில் நான்கு நாளும் அவருக்கு விடுமுறையாக இருந்திருந்தால், அவருக்குக் கழிவது இரண்டு நாள்தான். மொத்தம் ஆறு நாள் வேலைக்கு வரவில்லை, அது வரம்புக்குள்தான் இருக்கிறது. 14 முதல் 19 வரை ஈட்டிய விடுப்பு எடுத்திருந்தால் ஆறு நாள் கழிந்திருக்கும். ஒரே பயணம், இரண்டு வகைக் கணக்கு, இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

தனியார் கம்பெனிகள் பலவற்றில் நடந்தது என்னவென்றால், லீவைக் கொடுக்கும்போது வேலை நாள் கணக்கில் கொடுக்கிறார்கள், கழிக்கும்போது காலண்டர் நாள் கணக்கில் கழிக்கிறார்கள். வருடத்துக்குப் பன்னிரண்டோ பதினைந்தோ நாள் கொடுத்துவிட்டு முப்பது நாள் கொடுப்பவரின் கழிப்பு முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சாண்ட்விச் ரூல் பற்றிய எந்தச் சண்டையிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கொடுத்த அளவுகோலும் கழித்த அளவுகோலும் ஒன்றுதானா?

நீதிமன்றமும் ஒரு வழக்கில் ஏறக்குறைய இந்த இடத்துக்கு வந்திருக்கிறது, அதுவும் நம் ஊர் வழக்கு. அப்போதைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பேறுகாலப் பலனைக் கணக்கிடும்போது ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பணம் உண்டா என்று பிரச்சினை எழுந்தது. தோட்ட நிர்வாகம் வேலை நாட்களுக்கு மட்டும்தான் தருவேன் என்றது. 1977இல் உச்ச நீதிமன்றம், பி. ஷா எதிர் கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றம் என்ற அந்த வழக்கில், வாரம் என்று சட்டம் சொன்னால் அது ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள், காலத்தை எண்ணும்போதும் ஏழு, பணம் கொடுக்கும்போதும் ஏழு என்று தீர்ப்புச் சொன்னது. இது பேறுகாலப் பலனுக்கான தீர்ப்பு. சாண்ட்விச் ரூலுக்கு நேரடி முன்னுதாரணமாக இதைக் காட்ட முடியாது. ஆனால் ஞாயிறை எண்ணினால் இரண்டு பக்கமும் எண்ண வேண்டும் என்ற நியாயம் அதில் தெளிவாக இருக்கிறது. 26 வாரப் பேறுகால விடுப்புக்குள் வரும் ஞாயிறும் தீபாவளியும் தனியாகக் கூட்டித் தரப்படாததும் இதனால்தான்.

சரி, உங்கள் லீவுக்கு வருவோம். கழித்தது ஈட்டிய விடுப்பாக இருந்தால், அதாவது உங்கள் கம்பெனியில் இ.எல். அல்லது பி.எல். என்று சொல்வது என்றால், சட்டம் நேரடியாகவே பேசுகிறது. பழைய தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் 79ஆம் பிரிவில், விடுப்பின் நடுவிலோ இரு முனையிலோ வரும் விடுமுறைகள் விடுப்புக் கணக்கில் சேராது என்று விளக்கம் இருந்தது. ஆலையில் வேலை பார்க்கும் தொழிலாளிக்கு அந்தக் காலத்திலிருந்தே ஈட்டிய விடுப்பில் சாண்ட்விச் ரூல் செல்லாது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சட்டத்தின் இடத்தைத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு 2020 எடுத்துக்கொண்டது. அதன் 32ஆம் பிரிவு, ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாளாவது வேலை செய்த தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. எடுத்த விடுப்பின் நடுவில் வரும் விடுமுறைகளை அந்த விடுப்பிலிருந்து விலக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பழைய சட்டம் பெரும்பாலும் ஆலைகளுக்குத்தான். புதிய தொகுப்பு பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள அலுவலகங்களையும் தொடுகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான மாற்றம் இதுதான்.

இருபது நாளுக்கு ஒன்று என்ற விகிதத்தைக் கவனியுங்கள். ஆண்டில் 240 நாள் வேலை செய்தால் 12 நாள் விடுப்பு. அரசு ஊழியரின் முப்பதோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. எண்ணிக்கை குறைவு, அதனால் விடுமுறைகள் கழியாது. எண்ணிக்கை அதிகம், அதனால் கழியும். இரண்டு விதிகளும் தனித்தனியே பொருந்திப் போகின்றன. இரண்டையும் கலந்து குறைந்த எண்ணிக்கையும் வைத்து விடுமுறையையும் கழித்தால்தான் கணக்குத் தவறுகிறது.

இங்கே இரண்டு சந்தேகங்கள் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, இந்தப் பிரிவு தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் வரமாட்டார்கள். எழுத்தர் வேலை, தொழில்நுட்ப வேலை, இயக்கும் வேலை செய்பவர்கள் வருவார்கள், அவர்களுக்குச் சம்பள வரம்பு கிடையாது. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டிருப்பதால் மட்டும் ஒருவர் வெளியே போய்விடமாட்டார். அன்றாடம் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. ஆட்களை எடுப்பது, லீவு அனுமதிப்பது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது போன்ற அதிகாரம் உங்களுக்கு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் இல்லை, கொடுத்த வேலையைச் செய்கிறேன் என்றால் நீங்கள் தொழிலாளி என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. மென்பொருள் பொறியாளர்கள் விஷயத்தில் இந்த வாதம் இரண்டு பக்கமும் போகக்கூடியது.

இரண்டாவது சந்தேகம் கூடுதல் லீவு பற்றியது. சட்டப்படி உங்களுக்கு 12 நாள் வரவேண்டிய இடத்தில் கம்பெனி 24 நாள் ஈட்டிய விடுப்பு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான 12 நாள் நாங்களாகத் தருவது, அதை எப்படிக் கழிப்பது என்பதையும் நாங்களே முடிவு செய்வோம் என்று கம்பெனி சொல்லலாம். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. அப்படியானால் சட்டம் தரும் குறைந்தபட்ச வேலை நாள் விடுப்பு அந்த ஆண்டில் உங்களுக்கு முழுமையாகக் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். கிடைத்திருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகும். சட்டம் சொல்லும் அளவைத்தான் கம்பெனியும் தருகிறது என்றால், நீங்கள் வேலையில் சேரும்போது சாண்ட்விச் ரூலை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. சட்டம் தரும் குறைந்தபட்சத்தை ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது.

கழித்தது தற்செயல் விடுப்பாக இருந்தால் வேறு சட்டத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, 25ஆம் பிரிவில், ஓராண்டு வேலை முடித்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை தருகிறது. உடல்நலக் குறைவுக்கு 12 நாள், நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பு 12 நாள் என்று அதற்கு மேலும் உண்டு. தொகுப்புகள் வந்த பிறகும் இந்த மாநிலச் சட்டம் இருக்கிறது. ஆனால் நடுவில் வரும் விடுமுறை கழியாது என்ற நேரடி வரி இந்தப் பிரிவில் இல்லை. ஆகவே இங்கே வாதத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அந்த வாதத்துக்குப் பொங்கலே கைகொடுக்கிறது. பண்டிகை விடுமுறைகளுக்குத் தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு தேசிய விடுமுறைகளும், அவற்றோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளும், ஆக ஒன்பது நாள் சம்பளத்துடன் தரவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இது லீவுக் கணக்குக்கு வெளியே தனியாக வரும் உரிமை. உங்கள் கம்பெனி ஜனவரி 15, 16 இரண்டையும் அந்த ஐந்தில் காட்டியிருந்தால், அந்த இரண்டு நாளையும் உங்கள் லீவிலிருந்து கழித்ததன் மூலம் அந்த ஆண்டுக்கு உங்களுக்கு ஏழு விடுமுறைதான் தந்திருக்கிறது. மீதி இரண்டுக்கு உங்கள் சொந்த லீவைக் கொடுத்து விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். இதைத்தான் நான் எச்.ஆர்.களிடம் முதலில் சொல்வேன். சனி ஞாயிறைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம், சட்டம் தனியாகத் தரும் பண்டிகை விடுமுறையைக் கழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நோட்டீஸ் போர்டிலோ கம்பெனியின் இணையப் பக்கத்திலோ இருக்கும் விடுமுறைப் பட்டியலை முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வார விடுமுறையிலும் ஒரு சிறு வேறுபாடு உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு சட்டம் தருவது. ஐந்து நாள் வேலை என்னும் கம்பெனியில் இரண்டாவது நாள், பெரும்பாலும் சனிக்கிழமை, கம்பெனி தானாகத் தருவது. ஆகவே உங்கள் ஆறு நாளில் 14, 19 இரண்டும் உண்மையான லீவு. 15, 16 பண்டிகைச் சட்டம் தந்தவை. 18 ஞாயிறு, சட்டம் தந்த ஓய்வு. 17 சனி மட்டும்தான் கம்பெனி என் விருப்பம் என்று சொல்லக்கூடிய நாள். தற்செயல் விடுப்பில் கம்பெனி மிக வலுவாக நின்று பேசினாலும் அந்த ஒரு நாளைத் தாண்டிப் போவது கடினம் என்பது என் மதிப்பீடு.

இப்போது சம்பளப் பிடித்தம். இதில் தொழிலாளி, நிர்வாகி என்ற கேள்வியே எழாது, ஏனென்றால் ஊதியத் தொகுப்பு 2019 மேலாளர் பதவியில் இருப்பவர் உட்பட எல்லா ஊழியருக்கும் பொருந்தும். பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குத்தான் இருந்தது, அந்த வரம்பு இப்போது இல்லை. தொகுப்பின் 20ஆம் பிரிவு, வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பதற்கு இரண்டு கட்டுப்பாடு வைக்கிறது. வேலை செய்ய வேண்டிய நேரத்தில் வராமல் இருந்திருக்க வேண்டும், இது முதலாவது. அந்தச் சம்பளக் காலத்தில் மொத்தம் வேலை செய்ய வேண்டியிருந்த காலத்தில் நீங்கள் வராத காலம் எவ்வளவு பங்கோ, அந்தப் பங்குக்கு மேல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, இது இரண்டாவது.

உங்கள் மாதத்தை இதில் பொருத்திப் பார்க்கலாம். எளிதாக இருக்கட்டும் என்று மாதச் சம்பளம் 31,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 2026 ஜனவரியில் 31 நாள், அதில் சனி ஞாயிறு ஒன்பது நாள், மீதி 22. பொங்கலுக்கு இரண்டு நாள், குடியரசு தினத் திங்கள் ஒரு நாள் போனால், நீங்கள் வேலைக்கு வரவேண்டிய நாள் 19. அதில் நீங்கள் வராதது இரண்டு நாள். அந்த இரண்டுக்கும் அனுமதியோடு லீவு எடுத்திருக்கிறீர்கள், கணக்கில் நாலு நாள் பாக்கியும் இருந்தது. ஆக சம்பளம் இல்லாமல் வராத நாள் பூஜ்யம், பிடிக்கக்கூடிய தொகையும் பூஜ்யம். கம்பெனி 31,000ஐ 31ஆல் வகுத்து இரண்டு நாளுக்கு 2,000 ரூபாய் பிடித்திருந்தால், அந்த 2,000 ரூபாய் நீங்கள் வேலைக்கு வரவே தேவையில்லாத நாட்களுக்காகப் பிடித்தது. லீவுக் கணக்கில் ஆறு நாள் கழித்தது சரி என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும் இந்தப் பிடித்தம் நிற்காது.

லீவே பாக்கி இல்லாத ஒருவர் அதே இரண்டு நாள் வராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம், பலருக்கு நடப்பது அதுதான். சாண்ட்விச் ரூல்படி ஆறு நாள், 31ஆல் வகுத்தால் 6,000 ரூபாய் பிடித்தம். சட்டத்தின் உச்சவரம்பு 19இல் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 3,263 ரூபாய். 6,000 அதைத் தாண்டுகிறது. கம்பெனி இரண்டு நாளை மட்டும் 31ஆல் வகுத்துப் பிடித்தால் 2,000 ரூபாய்தான் வரும், அது வரம்புக்குள் இருக்கிறது. வேலை நாளால் வகுத்து ஒரு நாள் சம்பளத்தைப் பெரிதாகக் காட்டிவிட்டு, அதை விடுமுறை நாட்களுக்கும் பெருக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. 31,000ஐ 19ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 9,789 ரூபாய் வரும், மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுத்தான் குறைவு. உங்கள் பே ஸ்லிப்பில் எந்த எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்று கண்டிப்பாகப் பாருங்கள்.

கம்பெனி பக்கம் ஒரு பதில் சொல்வார்கள். மாதச் சம்பளத்தில் சனி ஞாயிறுக்கும் சேர்த்துத்தான் தருகிறோம், இரண்டு பக்கமும் வராதவருக்கு நடு நாளுக்கு ஏன் தரவேண்டும் என்று. மாதம் முழுக்க வராத ஒருவர் விஷயத்தில் இதில் அர்த்தம் இருக்கிறது. அவர் வரவேண்டிய நாள் எல்லாம் வரவில்லை, பங்குக் கணக்கிலும் முழுச் சம்பளமே போய்விடும். இரண்டு நாள் வராதவருக்கு அந்தப் பங்கு மிகச் சிறியது, சட்டம் பிடித்தத்தை அதோடு நிறுத்திவிடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே தவறு நடக்கிறது என்பதற்கு வருகிறேன். லீவு மென்பொருளில் ஒவ்வொரு லீவு வகைக்கும் வார விடுமுறையை எண்ணலாமா, பண்டிகை விடுமுறையை எண்ணலாமா என்று இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கும். கம்பெனியின் எழுத்துக் கொள்கையில் வார விடுமுறை மட்டும் கழியும் என்று இருக்க, மென்பொருளில் இரண்டும் இயங்கிக்கொண்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் மென்பொருளை நிறுவும்போது தேர்ந்தெடுத்தது, பிறகு யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். தற்செயல் விடுப்புக்குப் பொருந்தாது என்று கொள்கையில் இருந்தும் எல்லா வகைக்கும் போட்டுவிடுவதும் உண்டு. ஆகவே எச்.ஆர். வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு பேசாதீர்கள், லீவுக் கொள்கையின் அந்தப் பத்தியை எழுத்தில் கேளுங்கள்.

கேட்டு வாங்கிய பத்தியில் சில விஷயங்களைத் தேடுங்கள். லீவு விடுமுறையின் இரண்டு பக்கமும் இருந்தால் மட்டும் கழியுமா, ஒரு பக்கம் இருந்தாலே கழியுமா? வெள்ளி மட்டும் லீவு எடுத்துத் திங்கள் வேலைக்கு வந்தவருக்கும் சனி ஞாயிறைக் கழிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன, அதைச் சாண்ட்விச் என்றுகூடச் சொல்ல முடியாது. வெள்ளி பிற்பகல் அரை நாள் எடுத்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் தற்செயல் விடுப்பு, மறுபக்கம் உடல்நலக் குறைவு என்றால்? கடைசிக் கேள்வி முக்கியமானது. திட்டமிட்டு வெள்ளி லீவு எடுத்தவர் ஞாயிறு இரவு காய்ச்சலில் விழுந்து திங்கள் வரமுடியாமல் போனால், நீண்ட வாரக் கடைசியைத் திட்டம் போட்டு உருவாக்குகிறார்கள் என்று இந்த ரூலுக்குச் சொல்லப்படும் காரணமே அவருக்குப் பொருந்தாது. மருத்துவர் சான்றிதழ் கொடுத்தால் கழிக்கமாட்டோம் என்று பல கொள்கைகளில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை, அவர்கள் கேட்காததால் கிடைப்பதும் இல்லை.

கொள்கையில் அப்படி ஒரு பத்தியே இல்லை என்றால் உங்கள் நிலை இன்னும் வலுவாகிறது. போன வருடம்வரை இரண்டு நாள் கழித்துவிட்டு இந்த வருடம் திடீரென்று ஆறு கழித்தாலும் அப்படித்தான். சம்பளத்துடன் கூடிய விடுப்பு, விடுமுறை ஆகியவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற வேண்டுமானால் 21 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று தொழில் உறவுத் தொகுப்பின் 40ஆம் பிரிவு சொல்கிறது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவில் இருந்ததுதான் இது. இதுவும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்கு மட்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒரு மின்னஞ்சல். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவுகளை அடுக்கவும் வேண்டாம், முதல் கடிதத்தில் கணக்கு மட்டும் போதும். "ஜனவரி 14, 19 ஆகிய இரண்டு நாட்களுக்கு விடுப்புக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்றேன். எனது விடுப்புக் கணக்கில் நான்கு நாள் கழிக்கப்பட்டு, மேலும் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கப்பட்டுள்ளது. 15, 16 ஆகியவை நிறுவனத்தின் விடுமுறைப் பட்டியலில் உள்ள பண்டிகை விடுமுறைகள். 17, 18 வார விடுமுறைகள். இந்த நான்கு நாட்களை விடுப்பாகக் கணக்கிட்டதற்கு அடிப்படையான கொள்கைப் பத்தியையும், சம்பளப் பிடித்தம் கணக்கிட்ட முறையையும் தெரிவிக்கவும். பிடித்த தொகையைத் திருப்பித் தரவும், இரண்டு நாட்களை என் விடுப்புக் கணக்கில் மீண்டும் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு எழுதினால் போதும். உங்கள் அணித் தலைவருக்கும் நகல் அனுப்புங்கள், லீவை அனுமதித்தவர் அவர்தான். அவர் அனுமதித்தது இரண்டு நாளா ஆறு நாளா என்பது பதிவில் இருக்கும்.

என் அனுபவத்தில் இப்படிக் கணக்கோடு எழுதினால் சம்பளப் பிடித்தம் பெரும்பாலும் அடுத்த மாதமே திரும்பி வந்துவிடும். சம்பளப் பிரிவில் இருப்பவர்களுக்கு அதில் உள்ள ஆபத்து தெரியும். லீவு நாட்களைத் திரும்பச் சேர்ப்பதில்தான் இழுத்தடிப்பார்கள். பண்டிகை நாள் இரண்டை விட்டுக்கொடுத்து வாரக் கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று நடுவழிக்கு வரவும் வாய்ப்பு உண்டு. அது தற்செயல் விடுப்பாக இருந்தால் ஏற்றுக்கொள்வதா என்பது உங்கள் முடிவு. ஈட்டிய விடுப்பாக இருந்து நீங்கள் தொழிலாளி வரையறைக்குள் வந்தால், சட்டம் நாலு நாளையும் உங்களுக்குத் தருகிறது, குறைத்துக்கொள்ளக் காரணம் இல்லை.

பதிலே வரவில்லை என்றால், இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும், அங்கே எழுத்தில் கொடுக்கலாம். அதற்கும் மேலே போக வேண்டுமானால் உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகம். சம்பளப் பிடித்தத்துக்கான கோரிக்கையை ஊதியத் தொகுப்பின்படி மூன்று ஆண்டுகளுக்குள் எழுப்பலாம், ஆகவே இந்த மாதமே ஓட வேண்டிய அவசரம் இல்லை. 2,000 ரூபாய்க்காக வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுப்பதா என்று யோசிப்பீர்கள், அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. தனியாகப் போவதைவிட அதே பொங்கலுக்கு அதே மாதிரி பிடிக்கப்பட்ட சக ஊழியர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். ஜனவரி பே ஸ்லிப், லீவு அனுமதி வந்த மின்னஞ்சல், லீவுக் கணக்குப் பக்கம், விடுமுறைப் பட்டியல் ஆகிய நான்கையும் கம்பெனிக் கணினிக்கு வெளியே உங்களிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போகும் நாளில் அந்தப் பக்கங்களை நீங்கள் திறக்க முடியாது, பாக்கி லீவுக்குப் பணம் கணக்கிடும்போது இந்த நாலு நாளும் மறுபடி கேள்விக்கு வரும்.